சோலார் ஹீட்டர் தகட்டுக்கு மேட் கருப்பு பெயிண்ட் அடிக்கலாமா?

மாலதி_சிராங்கூன் | சனி, காலை 9:12

எங்களுடையது தரைவீடு. கூரையில் கண்ணாடி மூடிய தட்டையான சோலார் ஹீட்டர் இருக்கிறது, சுமார் 2 சதுர மீட்டர். உள்ளே செம்புத் தகடு, அதன்மேல் பிளாக் குரோம் பூச்சு என்று பழைய கையேட்டில் போட்டிருக்கிறது. வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை மாற்ற ஒருவர் வந்தார். திறந்து பார்த்தால் தகட்டின் கீழ்மூலையில் பழுப்பும் சாம்பலுமாக ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் கறுப்பாகத்தான் இருக்கிறது. அவர் கையில் இருந்த இன்ஃப்ராரெட் துப்பாக்கியை நடுத்தகட்டில் காட்டினார், 34 டிகிரி என்று வந்தது. திறப்பதற்குச் சற்று முன் தண்ணீர் வெளியேறும் குழாயின் டயல் 58 காட்டியது. "பாருங்க மேடம், தகடு சூடே ஏறல. பூச்சு செத்துப்போச்சு. மேட் கருப்பு பெயிண்ட் அடிச்சா பிரமாதமா வேலை செய்யும்" என்கிறார். கூலியோடு 350 வெள்ளி.

அடிக்கலாமா, வேண்டாமா? அவர் திங்கட்கிழமை திரும்ப வருகிறார்.

பிடோக்_ராஜா | சனி, காலை 9:40

தாராளமாக அடிங்க அக்கா. கறுப்பு என்றால் கறுப்புதான். வெயிலை இழுக்கத்தானே தகடு? மேட் கருப்பு 95 சதவீதம் இழுக்கும், பிளாக் குரோமும் அவ்வளவுதான். வாங்கும்போது விலையை ஏற்றுவதற்காக ஆயிரம் பெயர் வைப்பார்கள். சூடு தாங்குகிற பெயிண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரா_பொங்கோல் | சனி, காலை 10:05

எங்கள் வீட்டில் கண்ணாடிக் குழாய் வகை. அதில் ஒரு குழாய் மட்டும் வெளியே தொட்டாலே சுடுகிறது, மற்றவை சில்லென்று இருக்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் பூச்சு போய்விட்டது என்று அர்த்தமா? பெயிண்ட் அடிக்க முடியுமா?

கூரைக்காரன் | சனி, காலை 11:30

மாலதி அம்மா, திங்கட்கிழமை அவரைப் பெயிண்ட் டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

முதலில் அந்த 34. தகடுதான் தண்ணீரைச் சூடாக்குகிறது. தண்ணீர் 58-இல் வெளியே வரும்போது தகடு எப்படி 34-இல் இருக்கும்? திறந்ததும் கொஞ்சம் ஆறியிருக்கலாம், அவ்வளவு ஆறாது. பொய் சொன்னது துப்பாக்கிதான். அந்தக் கருவி சூட்டைத் தொட்டு அளப்பதில்லை. பரப்பிலிருந்து வருகிற வெப்பக் கதிரை வாங்கி, "முழு உமிழ்வு 1 என்றால் இந்தப் பரப்பு 0.95 அளவுக்கு உமிழும்" என்று எடுத்துக்கொண்டு டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது. உங்கள் தகட்டின் பூச்சு நல்ல நிலையில் இருந்தால் 0.1 அளவுக்குத்தான் உமிழும். கருவிக்கு வருவதில் பெரும்பகுதி, தகடு கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிற சுற்றுப்புறத்தின் கதிர். தகடு 60 டிகிரி, சுற்றுப்புறம் 30 டிகிரி, உமிழ்வு 0.1 என்று கணக்குப் போட்டால் கருவி 33, 34 என்றுதான் காட்டும். ஆக அவர் காட்டிய எண், பூச்சு உயிரோடு இருப்பதற்குச் சாட்சி.

ராஜா சொன்னதில் பாதி சரி. வெயிலை இழுப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இழுத்த சூட்டைத் திரும்ப வெளியே விடுவதில்தான் வித்தியாசம். சாதாரணப் பெயிண்ட் 0.9 உமிழும்.

வீரா, உங்களுடையது வேறு நோய். வெளிக்கண்ணாடி சுடுகிறது என்றால் அந்தக் குழாயில் வெற்றிடம் போய்விட்டது. குழாயின் நுனியில் வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு பகுதி இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று உறுதி. பூச்சு உள்கண்ணாடிக் குழாயின் வெளிப்பக்கத்தில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கிறது, எந்தத் தூரிகையும் போகாது. அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும்.

பாலிடெக்_மாணவி | சனி, மதியம் 12:15

அண்ணா, ஒரு சந்தேகம். கிர்க்காஃப் விதிப்படி நன்றாக உறிஞ்சுகிற பொருள் நன்றாக உமிழவும் வேண்டும், உறிஞ்சு திறனும் உமிழ்வு திறனும் சமம் என்று படித்தோம். அப்படியானால் 0.95 உறிஞ்சி 0.1 மட்டும் உமிழ்வது எப்படி முடியும்? விதி தப்பா?

கூரைக்காரன் | சனி, மதியம் 1:02

விதி தப்பில்லை தங்கச்சி. அது ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியாகப் பொருந்துகிறது. வெயிலில் வருகிற ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் 2.5 மைக்ரானுக்குக் கீழே. 60 டிகிரித் தகடு விடுகிற கதிரின் உச்சமோ 8.7 மைக்ரான் பக்கம், 3 மைக்ரானுக்குக் கீழே அது விடுவது மிகச் சொற்பம். இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. அதனால் ஒரே பரப்பு, இந்தப் பக்கம் கறுப்பாகவும் அந்தப் பக்கம் கண்ணாடியாகவும் இருக்க முடிகிறது. 8.7 மைக்ரானில் அந்தத் தகட்டின் உறிஞ்சு திறனை அளந்தால் அதுவும் 0.1-தான் வரும். கிர்க்காஃப் நிம்மதியாக இருப்பார்.

செய்முறை என்னவென்றால், அடியில் பளபளப்பான உலோகம், பிளாக் குரோமில் பெரும்பாலும் நிக்கல். அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் மெல்லிய கறுப்புப் படலம். குறுகிய அலையான வெயில் அந்தப் படலத்திலேயே மாட்டிக்கொள்கிறது. நீண்ட அலைக்கு அந்தப் படலம் கொசுவலை மாதிரி, இருப்பதே தெரியாமல் தாண்டிப் போய் அடியில் உள்ள உலோகத்தைத்தான் பார்க்கிறது. பளபளப்பான உலோகமோ நீண்ட அலையில் கஞ்சன், லேசில் உமிழாது. 1955-இல் ஹாரி தாபோர் என்ற இஸ்ரேலிய விஞ்ஞானி இதைச் சூரிய வெப்பத் தகட்டுக்குக் கொண்டுவந்தார். அடிப்படை யோசனை இன்றும் அதேதான்.

பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரிகிறது. பெயிண்ட் படலம் முப்பது, ஐம்பது மைக்ரான் கனம். கறுப்புத் தூளை விடுங்கள், அதைப் பிடித்துவைத்திருக்கும் பிசினே நீண்ட அலையை உறிஞ்சும், ஆகவே உமிழும். அடியில் இருக்கும் உலோகம் மறைந்துபோகும். வெள்ளைப் பெயிண்ட்கூட நீண்ட அலையில் 0.9 பக்கம்தான் உமிழ்கிறது, கண்ணுக்குத் தெரிகிற நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தெம்பனிஸ்_கணேசன் | சனி, மதியம் 1:30

இங்கே தெம்பனிஸில் வீவக புளோக்குகளுக்கு வெப்பம் குறைக்கும் பூச்சு அடித்தார்களே, அதையே இதற்கும் அடித்தால் என்ன? அதுவும் கதிரைக் கட்டுப்படுத்துகிற சமாச்சாரம்தானே?

மாலதி_சிராங்கூன் | சனி, மதியம் 1:44

கணேசன் அண்ணே, எனக்குத் தண்ணீர் சூடாக வேண்டும் 😄

கூரைக்காரன் | சனி, மதியம் 1:58

கணேசன் ஐயா, அது இதற்கு நேர் எதிர். சுவருக்கு வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டும், உள்ளே ஏறிய சூட்டை நன்றாக உமிழவும் வேண்டும். அதை இந்தத் தகட்டில் அடித்தால் ஒரே நாளில் ஹீட்டரை மூடிவிடலாம்.

பிடோக்_ராஜா | சனி, மாலை 4:20

சரி, 0.9, 0.1 எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் ஐரோப்பாவில் பனிக்காலத்துக்குச் செய்தது. வெளியே பூஜ்யம், தண்ணீர் 60 என்றால் இழப்பு பெரிது. நம் ஊரில் பகலில் 31, 32. குளிக்க 45 டிகிரி போதும். பதினைந்து டிகிரி வித்தியாசத்தில் என்ன பெரிதாகப் போய்விடும்? 350 வெள்ளி கொடுக்கச் சொல்லவில்லை, நானே போய் ஒரு டப்பா வாங்கி அடிப்பேன்.

கூரைக்காரன் | சனி, இரவு 8:10

இது நல்ல கேள்வி. வெயில் கொளுத்துகிற நாளாக இருந்தால் ராஜா பக்கம் நியாயம் இருக்கிறது.

ஒற்றைக் கண்ணாடி போட்ட தகட்டில், கருப்புப் பெயிண்ட் என்றால் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 6.5 வாட் போல இழப்பு. பிளாக் குரோம் மாதிரி வெயிலை இழுத்துச் சூட்டை விடாத நல்ல செலக்டிவ் பூச்சு என்றால் 3.7 போல. முழுதாக ஒழியாது, ஏனென்றால் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று சுழன்று கொண்டுபோகிற சூடு இரண்டிலும் ஒன்றுதான், பூச்சு அதைத் தொடுவதில்லை. கண்ணாடி தாண்டித் தகட்டில் சேர்வது வெயிலில் 77 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

நல்ல வெயில், 800 வாட். தகடு காற்றைவிட 15 டிகிரி கூடுதல். சேர்வது 616. பெயிண்ட் என்றால் 97 போய் 519 மிச்சம். பூச்சு என்றால் 55 போய் 561. எட்டு சதவீத வித்தியாசம், இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரில் குறைவது குளிர்தான், மேகத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டு முழுக்க வருகிற வெயிலில் பாதிக்கு மேல் மேகத்தில் சிதறி வருகிற வெளிச்சம். 300 வாட் இருக்கிற மங்கலான பிற்பகலைப் பாருங்கள். சேர்வது 231. அதே 15 டிகிரிக்குப் பெயிண்டில் 134 மிச்சம், பூச்சில் 176. தொட்டி ஏற்கெனவே சூடாகித் தகடு காற்றைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால்? பெயிண்டில் 36 வாட், பூச்சில் 120. பெயிண்ட் அடித்த தகட்டுக்குப் பம்ப் ஓடுகிற செலவே கட்டாது. பூச்சு உள்ள தகடு மெதுவாகவாவது சேர்த்துக்கொண்டிருக்கும்.

ஆக, நம் ஊர்ச் சூடு வித்தியாசத்தைக் குறைக்கிறது, நம் ஊர் மேகம் திரும்பக் கூட்டிவிடுகிறது. மாலதி அம்மா வீட்டில் தொட்டி மின்சாரத்திலும் சூடாகும் வகை என்றால் அந்த வித்தியாசம் நேராக மின் கட்டணத்தில் தெரியும்.

இன்னும் மேலே போனால் பேச்சே இல்லை. தெம்பனிஸில் யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் கூரையில் 2011-இல் 3,900 சதுர மீட்டர் அளவுக்குத் தகடுகள் வைத்தார்கள், அந்தச் சூட்டில் குளிரூட்டும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு. அதற்கு 80, 90 டிகிரித் தண்ணீர் வேண்டும். சாதாரணப் பெயிண்டை வைத்துக்கொண்டு அங்கே போக முடியாது.

பிடோக்_ராஜா | சனி, இரவு 8:35

எட்டு சதவீதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அண்ணே. எனக்கு அது போதும் 😀 நான் காலையில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிற ஆள், தொட்டி எப்போதும் அறுபதுக்குப் போகாது. மற்றவர்கள் அவரவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாலதி_சிராங்கூன் | சனி, இரவு 9:05

நாங்கள் வீட்டில் ஆறு பேர், தொட்டி 60 வரை போகும். பெயிண்ட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்தப் பழுப்புத் திட்டு? அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? தம்பியிடம் ஒரு துப்பாக்கி இருக்கிறது.

கூரைக்காரன் | சனி, இரவு 9:50

உண்டு. சாதாரணக் கறுப்பு மின்சார டேப் ஒரு துண்டு போதும். டேப்பின் உமிழ்வு 0.95 பக்கம், துப்பாக்கியும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. டேப்பின் மேல் காட்டினால் தகட்டின் உண்மைச் சூடு தெரியும். பக்கத்திலேயே வெறும் தகட்டில் காட்டினால் குறைவாக வரும். இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் பூச்சு நன்றாக இருக்கிறது.

வெயிலில் செய்யாதீர்கள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றி, பம்பைக் கையால் ஓடவிட்டுத் தொட்டியின் சூட்டுத்தண்ணீரைத் தகட்டுக்குள் சுற்ற விடுங்கள். மேலே கொஞ்சம் உயரத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் தகடு வானத்தைக் காட்டும், வானம் காற்றைவிடக் குளிர்ச்சி, எண்கள் குழம்பிவிடும். கண்ணாடி வழியாக அளந்தாலும் பயனில்லை, நீண்ட அலைக் கதிர் அதைத் தாண்டாது, கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

தார்ப்பாயின் சூடு T0, வெறும் தகடு காட்டுவது T1, டேப் காட்டுவது T2. எல்லாவற்றோடும் 273 கூட்டிக்கொண்டால், தகட்டின் உமிழ்வு ε:

```
ε = 0.95 × (T1^4 − T0^4) / (T2^4 − T0^4)
```

இது ஆய்வகத் துல்லியம் இல்லை. 0.1-ஆ, 0.4-ஆ என்று பிரித்துப் பார்க்கப் போதும். முடிந்ததும் டேப்பை உரித்துவிடுங்கள், பகல் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். தகட்டை வெறும் விரலால் தடவ வேண்டாம், துணியால் தேய்க்கவும் வேண்டாம். அது ஒரு மைக்ரான்கூட இல்லாத படலம்.

மாலதி_சிராங்கூன் | ஞாயிறு, இரவு 8:20

செய்துவிட்டோம். தம்பிக்குத்தான் கொண்டாட்டம். தார்ப்பாய் 31. நடுத்தகட்டில் டேப் 56, வெறும் தகடு 34. பழுப்புத் திட்டில் டேப் 56, வெறும் தகடு 41. திட்டு மொத்தத் தகட்டில் எட்டில் ஒரு பங்கு இருக்கும்.

பாலிடெக்_மாணவி | ஞாயிறு, இரவு 8:41

நான் போட்டுப் பார்த்தேன் அக்கா. நடுவில் 0.10 வருகிறது. திட்டில் 0.35.

கூரைக்காரன் | ஞாயிறு, இரவு 9:15

எனக்கும் அதேதான். நடுத்தகடு புதிதில் இருந்தது போலவே இருக்கிறது. திட்டு கெட்டிருக்கிறது, ஆனாலும் பெயிண்டைவிட நல்ல நிலை.

இதை எப்படி எடைபோடுவது என்பதற்கு ஐஎஸ்ஓ 22975-3 தரநிலையில் ஒரு கணக்கு இருக்கிறது. பூச்சை முதுமைச் சோதனைக்கு உட்படுத்திய பின், உறிஞ்சு திறன் குறைந்த அளவோடு உமிழ்வு கூடிய அளவில் பாதியைக் கூட்ட வேண்டும். 0.05-ஐத் தாண்டினால் தேறாது. திட்டில் உமிழ்வு 0.25 கூடியிருக்கிறது, பாதி 0.125. அந்த இடம் மட்டும் பார்த்தால் தோல்வி. எட்டில் ஒரு பங்குதான் என்பதால் தகடு முழுக்கப் பரப்பினால் 0.016. திட்டின் நிறம் வெளுத்ததால் உறிஞ்சு திறனும் கொஞ்சம் போயிருக்கும், அதைச் சேர்த்தாலும் எல்லைக்குள் நிற்கும் என்றே நினைக்கிறேன். இப்படிப் பரப்பிப் பார்ப்பது என் குறுக்குவழி, தரநிலையில் உள்ளதல்ல. அதே கணக்கில் பெயிண்டைப் போடுங்கள். உமிழ்வு 0.1-இலிருந்து 0.9, பாதி 0.40. எல்லையைப் போல எட்டு மடங்கு, அதுவும் தகடு முழுக்க.

கெட்டதற்குக் காரணம் கீழ்மூலை என்பதிலேயே தெரிகிறது. ஈரம். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் நீர்த்துளி கட்டி வழிந்து கீழே தங்கும். நம் ஊர்க் காற்றில் அது தினமும் நடக்கும். பெட்டியின் கீழ்விளிம்பில் சிறு காற்றுத் துளைகள் இருக்கும், பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருந்தால் ஈரம் வெளியே போகாது. ரப்பர் பட்டை விரிசல் விட்டிருந்தால் மழைத்தண்ணீரும் சேரும். அடியில் உள்ள வெப்பக் காப்புப் பஞ்சு நனைந்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். நனைந்திருந்தால் அதை உலர்த்தாமலோ மாற்றாமலோ கண்ணாடியை மூட வேண்டாம்.

ஜூரோங்_செல்வா | ஞாயிறு, இரவு 9:48

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். கூரைக்காரன் சொன்னது சரி, ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. திட்டை அப்படியே விடச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. செலக்டிவ் பெயிண்ட் என்றே விற்கிறார்கள், அதை மெல்லியதாக ஸ்பிரே செய்து அந்த இடத்தை மட்டும் மூடலாம். ஈரம் செம்பைத் தொட்டால் பச்சை பூத்துத் திட்டு பரவும்.

கூரைக்காரன் | ஞாயிறு, இரவு 10:10

செல்வா, அந்தப் பெயிண்டின் உமிழ்வு முழுக்க முழுக்கக் கனத்தைப் பொறுத்தது. பளபளப்பான உலோகத்தின்மேல், ஒரு மெல்லிய பூச்சு மட்டும் விழுந்தால் 0.3 பக்கம் கிடைக்கலாம். கூரையில் காற்றடிக்கும்போது கையால் ஸ்பிரே செய்தால் ஒரு இடம் மெல்லியது, ஒரு இடம் தடித்தது. இரண்டு பூச்சு விழுந்த இடத்தில் சாதாரணப் பெயிண்ட் மாதிரிதான். இவர் திட்டு இப்போதே 0.35. எதை மிச்சப்படுத்தப் போகிறோம்?

இன்னொன்று, பம்ப் நின்றால் செலக்டிவ் தகடு 170 டிகிரிக்கு மேலும் போகும். பெயிண்டைப் பக்குவமாகச் சுட்டு ஆற்றவில்லை என்றால் அந்தச் சூட்டில் ஆவி விட்டுக் கண்ணாடியின் உள்பக்கம் பனிமூட்டம் போலப் படியும். அது நல்ல தகட்டுக்கு வருகிற வெயிலையும் குறைக்கும்.

ஜூரோங்_செல்வா | ஞாயிறு, இரவு 10:22

ஆவி விஷயம் உண்மை, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பச்சை பூத்தால் என்ன செய்வீர்கள்? 0.35 என்பது இன்றைய எண்.

கூரைக்காரன் | ஞாயிறு, இரவு 10:31

பச்சை தெரிந்தால் நானும் உங்கள் பக்கம் வருவேன். இப்போது பழுப்பும் சாம்பலும்தான் சொல்கிறார். மாலதி அம்மா, திட்டின் ஓரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கண்ணாடி திறக்கும்போது அதே இடத்தில் டேப் ஒட்டி அளக்கலாம்.

மாலதி_சிராங்கூன் | திங்கள், காலை 11:15

அவர் வந்தார். எண்களைக் காட்டினேன். டேப்பின் மேல் ஒரு முறை, வெறும் தகட்டில் ஒரு முறை என்று தானே காட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார். ரப்பர் பட்டை மட்டும் மாற்றியாயிற்று. கீழ்விளிம்பில் நான்கு துளையில் மூன்று மண்ணால் அடைபட்டிருந்தன. பஞ்சு ஒரு பக்கம் ஈரம், அதனால் கண்ணாடியை இன்னும் மூடவில்லை. பச்சை எதுவும் தெரியவில்லை.

வீரா_பொங்கோல் | திங்கள், மதியம் 12:40

என் குழாயின் நுனி பால் வெள்ளைதான். ஒற்றைக் குழாயாக எங்கே கிடைக்கும்? கேட்ட இடத்தில் எல்லாம் முழு செட்டாகத்தான் தருவேன் என்கிறார்கள்.